நேற்று வரை ‘நீ’, இன்று ‘தங்கள்’: ஒரு வங்கிக் கிளையில் பதவி உயர்வு வாழ்த்து

பொதுத்துறை வங்கி அலுவலர்களுக்குப் பதவி உயர்வு என்பது தனி ஒருவருக்கு மட்டும் வரும் செய்தியாக இருப்பதில்லை. உதவி மேலாளர் நிலையான ஸ்கேல் ஒன்றிலிருந்து மேலாளர் நிலையான ஸ்கேல் இரண்டுக்குப் போவதற்கு, உரிய சேவைக் காலத்தை முடித்தவர்கள் எல்லோரும் ஒரே அறிவிப்பின்கீழ் விண்ணப்பிக்கிறார்கள். விதிகள் வங்கிக்கு வங்கி மாறினாலும், எழுத்துத் தேர்வு, நேர்காணல், முந்தைய ஆண்டுகளின் பணி மதிப்பீட்டு அறிக்கை ஆகியவற்றைக் கணக்கில் கொண்டுதான் பட்டியல் தயாராகிறது. யார் தேர்வு எழுதினார்கள், யார் நேர்காணலுக்குப் போய் வந்தார்கள் என்பது கிளை முழுவதற்கும் முன்கூட்டியே தெரிந்திருக்கும். ஆகவே முடிவு வெளியாகும் மாலையில், பட்டியலில் இருக்கும் பெயரைப் போலவே அதில் இல்லாத பெயரும் எல்லோருடைய கண்ணிலும் படுகிறது. வாழ்த்துச் சொல்ல வேண்டியவர்களில் ஒருவர் பெரும்பாலும் அதே தேர்வை எழுதித் திரும்பியவராக இருப்பார்.

அப்படிப்பட்ட ஒருவர் சொன்ன வாழ்த்து எங்கே பிசகியது, நான்காவது நாளில் எப்படிச் சரியானது என்பதை இந்தக் கட்டுரை ஆராய்கிறது. சம்பந்தப்பட்ட இருவரிடமும் தனித்தனியாகப் பேசித் தெரிந்துகொண்டவற்றை அவர்களுடைய சம்மதத்துடன் எழுதுகிறேன். வங்கியின் பெயரையும் ஊரின் பெயரையும் விட்டுவிட்டேன். இருவரையும் மூத்தவர், இளையவர் என்றே குறிப்பிடுகிறேன்.

காவிரிப் படுகையில் உள்ள ஒரு சிற்றூர்க் கிளை அது. முதுநிலை மேலாளர் ஒருவர், அவருக்குக் கீழே இரண்டு பெண் அலுவலர்கள், எழுத்தர்கள் மூவர், கடைநிலை ஊழியர் ஒருவர் என்பதுதான் அங்குள்ள மொத்தப் படை. மூத்தவர் எழுத்தராகச் சேர்ந்து, பல ஆண்டுகள் கவுன்ட்டரில் இருந்த பிறகு அலுவலரானவர். நகைக்கடன் பிரிவு அவருடையது. இளையவர் ஐ.பி.பி.எஸ். தேர்வு எழுதி நேரடியாக அலுவலராக வந்தவர். விவசாயக் கடனும் மகளிர் சுயஉதவிக் குழுக் கடனும் அவர் பொறுப்பு. வெளி மாவட்டத்திலிருந்து வந்து தனியாக வாடகை வீட்டில் தங்கியிருந்த அவருக்கு, ஊரில் முதலில் துணையாக அமைந்தவர் மூத்தவர்தான். இளையவர் அவரை அக்கா என்று அழைத்தார். மூத்தவர் அவரை வா, போ என்று பேசினார்.

இருவருக்கும் இடையே தினமும் நடக்கும் ஒரு காரியமும் இருந்தது. அடகு நகைகள் இருக்கும் பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள் உண்டு. ஒன்று மூத்தவரிடமும் மற்றொன்று இளையவரிடமும் இருந்தன. இரண்டு சாவிகளும் சேர்ந்தால்தான் பெட்டகம் திறக்கும் என்பதால், காலையிலும் மாலையிலும் இருவரும் அதன் முன்னால் பக்கத்தில் பக்கத்தில் நின்றாக வேண்டும். எவ்வளவு மனத்தாங்கல் இருந்தாலும் ஒருவரை ஒருவர் தவிர்த்துவிட முடியாத ஏற்பாடு அது.

பட்டியல் ஒரு மாலை நேரத்தில் பி.டி.எஃப். கோப்பாக வந்தது. இளையவரின் பணியாளர் எண் அதில் இருந்தது. மூத்தவரின் எண் இல்லை. கிளை மேலாளர் அதைக் கிளையின் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்து ஒரு வாழ்த்தும் போட்டார். எழுத்தர்கள் பூங்கொத்துப் படங்களை அனுப்பினார்கள். சற்று நேரம் கழித்து மூத்தவரிடமிருந்து இந்தச் செய்தி வந்தது: “பதவி உயர்வு பெற்றுள்ள தங்களுக்கு எனது மனமார்ந்த நல்வாழ்த்துகளைத் தெரிவித்துக்கொள்கிறேன். தாங்கள் மென்மேலும் பல உயர்வுகளைப் பெற இறைவனை வேண்டுகிறேன்.” இளையவர் அதற்கு, “மிக்க நன்றி மேடம்” என்று பதில் எழுதினார்.

வெளியிலிருந்து படிப்பவருக்கு இதில் குறை எதுவும் தெரியாது. ஆனால் அன்று காலை வரை ‘நீ’ என்று அழைத்தவர் மாலையில் ‘தங்கள்’ என்று எழுதியிருக்கிறார். அன்று காலை வரை ‘அக்கா’வாக இருந்தவர் மாலையில் ‘மேடம்’ ஆகிவிட்டார். ஒரே ஒரு செய்திப் பரிமாற்றத்தில் இருவருக்கும் இடையிலான பேச்சுமுறை மாறிவிட்டது. இளையவர் என்னிடம் சொன்னது இதுதான்: “வாழ்த்தே சொல்லாம இருந்திருந்தாகூட வேலையில இருப்பாங்கன்னு நினைச்சிருப்பேன். தங்களுக்குன்னு பார்த்ததும் அக்காவுக்குக் கோபம்னு தெரிஞ்சுபோச்சு.”

மரியாதைச் சொற்கள் தாமாகக் குளிர்ந்தவை என்று சொல்ல மாட்டேன். கிளை மேலாளருக்கு மூத்தவர் அதே வாக்கியத்தை எழுதியிருந்தால் அது இயல்பாகவே இருந்திருக்கும். வாழ்த்தில் எந்த அளவு முறைமை சரி என்பதற்குப் பொதுவான அளவுகோல் ஏதும் கிடையாது. அந்த இருவரும் நேற்று எப்படிப் பேசிக்கொண்டார்கள் என்பதே அளவு. நேற்றைய பேச்சைவிட இன்றைய வாழ்த்து ஒரு படி ஏறினாலும் பெறுபவர் அதைக் கவனித்துவிடுகிறார். தமிழில் நீ, நீங்கள், தாங்கள் என்று மூன்று படிகள் வெளிப்படையாக இருப்பதால் இந்த ஏற்றத்தை மறைக்கவும் முடிவதில்லை.

மூத்தவர் ஏன் அப்படி எழுதினார் என்பதை அவரே விளக்கினார். முதலில் “சூப்பர்டி, சந்தோஷம்” என்றுதான் தட்டச்சு செய்தாராம். பிறகு குழுவில் மேலாளர் இருக்கிறார், எழுத்தர்கள் இருக்கிறார்கள், தோற்றவள் என்ன எழுதுகிறாள் என்று எல்லோரும் பார்ப்பார்கள் என்ற எண்ணம் வந்ததும் அதை அழித்துவிட்டார். யாரும் குறை சொல்ல முடியாத வாக்கியம் எது என்று யோசித்தபோது, பிரிவு உபசார விழாக்களில் பலமுறை கேட்ட அந்த வாக்கியம் கைக்கு வந்தது. அதாவது அந்த முறைமை இளையவரைத் தள்ளிவைப்பதற்காக எழுதப்பட்டதே அன்று. தன் வருத்தம் வெளியே தெரிந்துவிடாமல் இருப்பதற்காகப் போட்டுக்கொண்ட கவசம் அது. அளவுக்கு மீறிய முறைமையும் பொறாமைத் தொனியும் இரண்டு வேறு பிழைகள் என்று பொதுவாக நினைக்கிறோம். இந்த நிகழ்வில் முதலாவது, இரண்டாவதை மறைக்க வந்தது. வந்த வேகத்தில் அதையே காட்டிக்கொடுத்துவிட்டது.

மறுநாள் காலை பெட்டகத்தின் முன்னால் இருவரும் நின்றார்கள். சாவியைத் திருப்பியபடியே மூத்தவர் சொன்னார்: “உனக்கென்னம்மா, சின்ன வயசு. படிச்சா மண்டையில ஏறும். எனக்கு மாமியாரைப் பார்க்கணும், பையன் பிளஸ் டூ. நான் எங்க உக்காந்து படிக்கிறது?” இளையவர் உடனே, “ஏதோ லக்குக்கா. அடுத்த தடவை கண்டிப்பா உங்களுக்குத்தான்” என்றார்.

மூத்தவர் சொன்னவற்றில் பொய் ஏதும் இல்லை. மாமியார் படுக்கையில் இருந்ததும் உண்மை, மகன் அந்த ஆண்டு பொதுத் தேர்வு எழுதியதும் உண்மை. ‘நீ’ என்ற பழைய அழைப்பும் திரும்பி வந்துவிட்டது. இருந்தும் இந்த வாழ்த்து முந்தைய மாலையின் வாழ்த்தைவிட மோசமாகப் போனது. இளையவரின் வெற்றிக்கு வயது ஒன்றே காரணம் என்று அது சொன்னது. கிளை மூடிய பிறகு வீட்டுக்குப் போய், ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளையும் கடன் விதிகளையும் வரி வரியாகப் படித்த இரவுகள் அதில் காணாமல் போயின. வாழ்த்துச் சொல்ல வந்தவரின் சிரமங்கள் பேச்சின் நடுவில் வந்து உட்கார்ந்துகொண்டன.

ஒரு வாழ்த்து பிசகிவிட்டதா என்று தெரிந்துகொள்ள, பெறுபவரின் பதிலைக் கவனித்தாலே போதும். பதவி உயர்வு பெற்றவர் வாழ்த்தியவருக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கினால், அல்லது தன் வெற்றியைத் தானே குறைத்து ‘ஏதோ லக்கு’ என்று சொன்னால், வாழ்த்து அவரிடம் போய்ச் சேரவில்லை. இளையவரின் பதிலில் இந்த இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. தன் மகிழ்ச்சியைத் தள்ளிவைத்துவிட்டு எதிரில் நிற்பவரின் மனத்தை ஆற்றும் வேலையை அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று கிளையில் கேட்ட மற்ற வாழ்த்துகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எழுத்தர்கள் “ட்ரீட் எப்போ மேடம்?” என்று கேட்டார்கள். அவர்கள் அந்தப் போட்டியில் இல்லாதவர்கள் என்பதால் அந்தக் கேள்வி வெறும் கலகலப்பாகவே ஒலித்தது. கிளை மேலாளர் பாராட்டிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே “உங்க இடத்துக்கு ஆள் போடுவாங்களான்னு தெரியலையே” என்றார். கிளையை நடத்துபவரின் நியாயமான கவலைதான், ஆனால் ஒரு நாள் பொறுத்திருக்கலாம். வாடிக்கையாளர் ஒருவர், “அப்ப எந்த ஊருக்குத் தூக்கியடிக்கப் போறாங்க?” என்று கேட்டார்.

இந்தக் கடைசிக் கேள்வியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்கிறேன். வங்கியில் பதவி உயர்வும் இடமாற்றமும் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. ஆனால் எந்த மண்டலம், எந்தக் கிளை என்ற ஆணை பெரும்பாலும் தனியாக, பின்னால்தான் வரும். அந்த இடைவெளி பதவி உயர்வு பெற்றவருக்கு உள்ளூர ஒரு திகில் காலம். வேறு மாநிலத்துக்குப் போக நேரிடும் என்பதற்காகவே பதவி உயர்வை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர்களும், விண்ணப்பிக்காமலேயே இருந்துவிடுபவர்களும் வங்கிகளில் உண்டு. அக்கறையுடன் கேட்டாலும் முதல் நாளில் இந்தக் கேள்வி மகிழ்ச்சியைக் கவலையாக மாற்றிவிடும். அதே தேர்வில் வாய்ப்பை இழந்தவர் கேட்டால், ‘உனக்கும் ஒரு கஷ்டம் காத்திருக்கிறது’ என்ற உட்பொருளோடு காதில் விழும். ஆணை வந்த பிறகு அதே பேச்சு உதவியாக மாறும். அதுவரை பொறுத்திருப்பதே நல்லது.

அந்த நாளில் மிகச் சரியாக வாழ்த்தியவர் கடைநிலை ஊழியர். மேசைக்குத் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு அவர் சொன்னார்: “நல்லா இருக்கணும்மா. மார்ச் மாசம் ராத்திரி நீங்க லெட்ஜரும் கையுமா உக்காந்திருந்தது பூட்டுப் போட நின்ன எனக்குத்தான் தெரியும்.” அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் தினமும் அப்படித்தான் பேசுவார் என்பதால் அதில் புதிதாக ஒரு தூரம் நுழையவில்லை. உழைப்பு, திறமை போன்ற பொதுச் சொற்கள் எதையும் அவர் தொடவில்லை. தான் நேரில் கண்ட ஒன்றைச் சொன்னார். கண்டதைச் சொல்பவரிடம் பெறுபவர் தன் வெற்றியைக் குறைத்துப் பேச வேண்டிய தேவையே வருவதில்லை. இளையவர் அவருக்கு ‘ஏதோ லக்கு’ என்று பதில் சொல்லவில்லை. “ஆமாண்ணே, உங்களையும் சேர்த்துல்ல தூங்கவிடாம வச்சிருந்தேன்” என்று சிரித்திருக்கிறார்.

பக்கத்து மேசையில் இருந்த மூத்தவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். இளையவரின் குரல் தன்னிடம் பேசியபோது இருந்ததைவிட எவ்வளவு வேறாக இருந்தது என்பது தனக்கு உறைத்தது என்று அவர் என்னிடம் சொன்னார்.

நெருக்கமானவருக்கு வாழ்த்துச் சொல்வதுதான் ஏன் இவ்வளவு கடினமாகிறது என்பதற்கு உளவியலில் ஒரு விளக்கம் உண்டு. அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் டெஸ்ஸர் 1980களில் முன்வைத்த கருத்து இது: மற்றொருவரின் வெற்றி நம் மதிப்பை நம் கண்ணிலேயே குறைப்பதற்கு, அவர் நமக்கு நெருங்கியவராக இருக்க வேண்டும், அவர் வென்ற துறை நமக்கும் முக்கியமானதாக இருக்க வேண்டும். இளையவர் மாவட்ட அளவிலான கோலப் போட்டியில் பரிசு வாங்கியிருந்தால் மூத்தவர் ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருப்பார். அதே தேர்வில் வேறு மாநிலத்து அலுவலர் ஒருவர் தேறியிருந்தால் அதைக் கவனித்திருக்கவே மாட்டார். இந்த இரண்டு நிபந்தனைகளும் ஒன்றாகச் சேர்ந்ததால்தான் வலித்தது. அந்த வலி எழுந்ததற்காக யாரையும் கெட்டவர் என்று சொல்ல முடியாது. ஆனால் வலி வாழ்த்தின் உள்ளே நுழைந்து பேசாமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கிறது.

நான்காவது நாள் மாலை, கிளையில் கூட்டம் ஓய்ந்த பிறகு, இருவரும் நகைப் பொட்டலங்களைப் பதிவேட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது மூத்தவர் பேசினார். இருவரும் நினைவுகூர்ந்ததைச் சேர்த்துப் பார்த்தால் பேச்சு இப்படி அமைந்திருக்கிறது: “அன்னிக்கி குரூப்புல ஏதோ ஆபீஸ் லெட்டர் மாதிரி போட்டுட்டேன். எனக்கு வரலைன்னு வருத்தம் இருந்துச்சு, இல்லைன்னு சொல்ல மாட்டேன். அது வேற. உனக்கு வந்தது எனக்குச் சந்தோஷம்டி. அந்த மகளிர் குழு லோன் விஷயத்துல நீ லீவு நாள்ல போய் அவங்க நோட்டெல்லாம் வாங்கிப் பார்த்தியே, அது எனக்குத் தோணியிருக்காது. சரி, இன்டர்வியூல என்னதான் கேட்டாங்க? இன்னும் நீ எனக்குச் சொல்லவே இல்ல.”

அந்த மகளிர் குழு விஷயத்தை விளக்கினால்தான் இந்த வாழ்த்தின் எடை தெரியும். ஒரு குழுவின் கடனில் தவணைகள் நின்று போயிருந்தன. தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையில் இருந்தால் அந்தக் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். மார்ச் முடிவுக்குள் அது நடந்தால் கிளையின் கணக்கிலும் குழுவின் பெயரிலும் கறை விழும். நினைவூட்டல் கடிதங்களுக்குக் குழுத் தலைவி, “நாங்க கட்டிக்கிட்டுத்தானே இருக்கோம்” என்று வாதிட்டார். வங்கிக்கு விடுமுறையான இரண்டாம் சனிக்கிழமை ஒன்றில் இளையவர் கிராமத்துக்குப் போய், குழுவின் தீர்மானப் புத்தகத்தையும் பாஸ்புக்கையும் வாங்கி ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தார். பெண்கள் மாதந்தோறும் பணம் கட்டியிருந்தார்கள். ஆனால் அந்தப் பணம் கடன் கணக்குக்குப் போகாமல் குழுவின் சேமிப்புக் கணக்கிலேயே சேர்ந்துகொண்டிருந்தது. குழுவின் எழுத்துபூர்வ ஒப்புதலைப் பெற்று அந்தத் தொகையைக் கடனுக்கு மாற்றியதும் நிலுவை தீர்ந்தது. இனிமேல் தவணைத் தொகை தானாகவே மாறுவதற்கான ஏற்பாட்டையும் அவர் செய்து கொடுத்தார்.

மூத்தவர் ‘கடின உழைப்பாளி’ என்று சொல்லியிருந்தால் அது எந்த அலுவலருக்கும் பொருந்தியிருக்கும். அவர் எடுத்துச் சொன்னது இளையவருக்கு மட்டுமே உரிய ஒரு செயல். அதை மதிப்பிடும் தகுதியும் அதே வேலையைப் பல ஆண்டுகள் செய்த மூத்தவருக்கே அதிகம். போட்டியாளரின் வாழ்த்துக்கு மற்றவர்களின் வாழ்த்தைவிட மதிப்பு கூடுவது இந்த இடத்தில்தான். வேலையின் நுணுக்கம் தெரிந்தவர் சொல்கிறார் என்பதால் பெறுபவருக்கு அது வெறும் இனிப்பாகப் படுவதில்லை.

வருத்தத்தைப் பற்றிய வாக்கியமும் கவனிக்கத்தக்கது. அது ஒரே முறை வந்தது; காரணங்களை அடுக்கவில்லை; “அது வேற” என்று தனியாக நிறுத்தப்பட்டது. மறுநாள் காலைப் பேச்சில் மாமியாரும் பிளஸ் டூவும் வந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்: அங்கே வருத்தம் இளையவரின் வெற்றிக்கு விளக்கம் சொன்னது, இங்கே வருத்தம் தன் இடத்தில் நின்றது. ஆனாலும் எல்லோரும் தங்கள் ஏமாற்றத்தை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று நான் பரிந்துரைக்க மாட்டேன். இந்த இருவருக்கும் பல ஆண்டு நெருக்கம் இருந்தது. அந்த வருத்தம் ஏற்கெனவே வெளியே தெரிந்தும் விட்டது. அவ்வளவு பழக்கமில்லாத சக ஊழியரிடம் “எனக்கு வருத்தம்தான்” என்று தொடங்கினால், அவர் மறுபடியும் ஆறுதல் சொல்லும் நிலைக்குத் தள்ளப்படுவார். அந்த இடத்தில் வருத்தத்தை வீட்டில் சொல்லிக்கொள்வதே நல்லது.

பேச்சின் கடைசியில் வந்த கேள்விக்கும் பெரிய பங்கு உண்டு. உளவியலாளர் ஷெல்லி கேபிளும் அவருடைய சகாக்களும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு, நல்ல செய்தியைச் சொல்பவருக்கு மற்றவர் எப்படிப் பதிலளிக்கிறார் என்பதை ஆராய்ந்தது. ‘நல்லது’ என்று அமைதியாகச் சொல்லி முடித்துவிடுவதைவிட, ஆர்வத்துடன் ஈடுபட்டுப் பதில் சொல்வதே உறவுக்கு நல்லதாக இருப்பதை அவர்கள் கண்டார்கள். அந்த ஆய்வு காதலர்கள், தம்பதிகள் போன்றவர்களிடம் நடந்தது. அலுவலகத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனால் ஒரு கேள்வி என்ன செய்கிறது என்பதை இந்த நிகழ்வில் கண்கூடாகப் பார்க்க முடிகிறது. “இன்டர்வியூல என்ன கேட்டாங்க?” என்றதும் இளையவர் பேசத் தொடங்கினார், நேர்காணலுக்கு வெளியே காத்திருந்த நேரம், தடுமாறிய ஒரு கேள்வி, சரியாகச் சொன்ன பதில் என்று எல்லாவற்றையும் சொன்னார். நான்கு நாட்களாக அவர் யாரிடமும் முழுதாகச் சொல்லாமல் வைத்திருந்த மகிழ்ச்சி அது. கேட்டவருக்கும் அடுத்த முறைக்கு வேண்டிய தகவல் கிடைத்தது. ஆனால் அதற்காக அவர் கேட்கவில்லை என்பது கேட்ட விதத்திலேயே தெரிந்தது என்று இளையவர் சொன்னார்.

முதல் மாலையிலேயே மூத்தவர் என்ன எழுதியிருக்கலாம்? குழுவில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் நீளமாக எழுதத் தேவையில்லை. “லிஸ்ட் பார்த்தேன். ரொம்ப சந்தோஷம்டி. காலையில நேர்ல பேசுறேன்” என்பது போதுமானதாக இருந்திருக்கும். ‘டி’ போடுவது குழுவில் சரிப்படாது என்று தோன்றினால் பெயரைச் சொல்லி எழுதலாம். ‘தங்கள்’ வரை போக வேண்டியதில்லை. குறிப்பான பாராட்டும் கேள்வியும் நேரில், தனியாகச் சொல்ல வேண்டியவை. மனம் இன்னும் ஆறவில்லை என்றால் நேர்ப் பேச்சை ஓரிரு நாள் தள்ளிப்போடலாம். குழுச் செய்தியைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லோரும் வாழ்த்தி முடித்த பிறகு மூன்றாம் நாள் வரும் ஒரு வரி, எவ்வளவு இனிமையாக இருந்தாலும், அந்தத் தாமதத்தையே சொல்லும்.

நம் அலுவலகங்களில் கூசாமல் புழங்கும் சில வாக்கியங்களையும் இங்கே சொல்லிவிட வேண்டும். “எங்களையெல்லாம் மறந்துடாதீங்க” என்பது அன்பாகச் சொல்லப்பட்டாலும், மேலே போனவர் மறந்துவிடுவார் என்ற குற்றச்சாட்டை முன்கூட்டியே வைக்கிறது. “இனிமே நீங்க பெரிய ஆளு” என்பதும் அதே வகை. அதற்குப் பணிவாக மறுப்புச் சொல்வதைத் தவிர வேறு பதில் கிடையாது. “ஒருவழியா கிடைச்சிருச்சு” என்பது, இதற்கு முன் கிடைக்காமல் போன முறைகளை நினைவூட்டுகிறது. “உங்களுக்கு எப்பவோ வந்திருக்கணும்” என்பது பல முறை தவறவிட்ட ஒருவருக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருக்கும். முதல் முயற்சியிலேயே தேறியவரிடம் சொன்னால் வெறும் முகமன். வயதில் பெரியவரான ஒருவர் பதவி உயர்வு பெறும்போது இளையவர்கள் “வாழ்த்த வயதில்லை, வணங்குகிறேன்” என்று எழுதும் வழக்கம் பிறந்தநாளுக்கும் மணிவிழாவுக்கும் பொருந்தும். அலுவலகத்தில், “சார், லிஸ்ட் பார்த்ததும் ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு. கே.ஒய்.சி. பாக்கியெல்லாம் நீங்க பிரிச்சுக் குடுத்த விதத்துலதான் நாங்க முடிச்சோம்” என்று தொடங்குவது அவருக்கு அதிகம் பிடிக்கும்.

தேர்வே நியாயமாக நடக்கவில்லை என்று ஒருவர் உண்மையாக நம்பும் இடத்தில் இந்த வழி ஓரளவுதான் உதவும். அப்போது “நீங்க முழுத் தகுதியானவர்” என்று சொல்ல மனம் ஒப்பாது; ஒப்பாததைச் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும். தேர்வைப் பற்றிய தீர்ப்பைத் தொடாமல், அந்த நபரிடம் தான் கண்ட ஒரு நல்ல செயலை மட்டும் சொல்லி வாழ்த்துவது நேர்மைக்கும் குறைவில்லாமல் அமையும். மதிப்பெண்ணைப் பற்றிய முறையீட்டை மனிதவளத் துறைக்கு எழுத்தில் கொடுக்கலாம். சங்கத்தின் மூலமாகவும் எடுத்துச் செல்லலாம். மதிப்பெண் போட்டவர் சக ஊழியர் அல்லர் என்பதால், அவரிடம் அதைக் குத்திக்காட்டுவதால் எந்தப் பயனும் இல்லை.

இந்த நிகழ்வின் மீதிக் கதை விரைவாகச் சொல்லக்கூடியது. இளையவருக்கு ஆந்திரத்தில் ஒரு கிளைக்கு ஆணை வந்தது. இப்போது மூத்தவர் இடமாற்றத்தைப் பற்றிப் பேசினார்; அங்கே முன்பு வேலை பார்த்த தன் பழைய சகா ஒருவரின் எண்ணைக் கொடுத்தார், வாடகை வீட்டுக்கு அவரிடம் விசாரிக்கச் சொன்னார், பொறுப்பு ஒப்படைக்கும்போது பெட்டகச் சாவிப் பதிவேட்டில் யார் யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும் உடன் இருந்து முடித்துக் கொடுத்தார். பிரிவு உபசார விழாவில் மூத்தவர் மேடைத் தமிழில், ‘அவர்’, ‘அவர்கள்’ என்றே பேசினார். இளையவரை அந்த முறைமை சிறிதும் உறுத்தவில்லை. மேடைக்கு அந்த மொழி உரியது, தனக்கு உரியதைப் பெட்டக அறையில் ஏற்கெனவே கேட்டுவிட்டார்.

அவர் இடமாற்றமில்லாமல் அதே கிளையில் மேலதிகாரியாக அமர்ந்திருந்தால், அழைப்பு முறையைப் பற்றி ஒரு முறை வெளிப்படையாகப் பேசிக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். வாடிக்கையாளர் முன்னிலையிலும் கூட்டங்களிலும் ‘மேடம்’ என்பது பதவிக்குத் தர வேண்டிய மரியாதை. உள்ளே, தேநீர் நேரத்தில் ‘நீ’ தொடரலாமா என்பதை மூத்தவர் தாமாகவே முடிவு செய்துகொள்ளாமல், “உள்ள பழையபடியே கூப்பிடட்டுமா?” என்று கேட்டுவிடுவதுதான் முறை. இதைப் பதவியேற்கும் முதல் வாரத்திலேயே கேட்டுவிட வேண்டும். மாதக்கணக்கில் இரண்டு அழைப்புகளுக்கும் நடுவே தடுமாறி, பெயரையே சொல்லாமல் “இங்க பாருங்க” என்று பேசிச் சமாளிக்கும் நிலைக்கு வந்துவிட்டால், அதன்பின் கேட்பது இன்னும் கடினமாகிவிடும்.